அமெரிக்காவில் விற்கக் கூடாத புத்தகம்

பொறியியல் படித்தவர்கள் வீட்டுப் பரணில் தேடினால் அந்தப் புத்தகம் கிடைக்கும். மெல்லிய தாள், கொஞ்சம் மங்கலான படங்கள், அட்டையில் ஒரு கட்டத்துக்குள் ஆங்கில எச்சரிக்கை. இந்தியா, வங்கதேசம், நேபாளம், இலங்கை என்று சில நாடுகளின் பெயரைச் சொல்லி, இந்தப் பதிப்பை அங்கு மட்டுமே விற்கலாம், வெளியே கொண்டுபோய் விற்கக் கூடாது என்றிருக்கும். அமெரிக்க மாணவர் பளபளப்பான தாளில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் அதே பாடம்தான் உள்ளே.

ஒரே பொருளை ஆளுக்கேற்ற விலையில் விற்பதைப் பொருளியலில் விலை பேதம் என்பார்கள். அதை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டியவர் ஆர்தர் பிகு. 1920இல் வந்த நலப் பொருளாதாரம் பற்றிய நூலில் அதைச் செய்தார். ஒவ்வொருவரிடமும் அவரால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியுமோ அதைக் கறப்பது முதல் நிலை. வாங்கும் அளவுக்கேற்ப விலையை மாற்றுவது இரண்டாம் நிலை என்று இன்று சொல்கிறோம். வாங்குபவர்களை வயது, நாடு, மாணவர் அடையாள அட்டை போன்ற வெளித்தெரியும் அடையாளத்தால் கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு விலை வைப்பது மூன்றாம் நிலை. நம் பரண் புத்தகம் இந்த மூன்றாம் வகை.

இது நல்லதா கெட்டதா என்று கேட்டால், சட்டென்று வரும் பதில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. நமக்கு மலிவாகக் கிடைத்ததால் நல்லது என்போம். அமெரிக்க மாணவர் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பார். பொருளியலாளர்கள் இதில் இறங்கும்போது முதலில் கேட்பது வேறொரு கேள்வி: எல்லோருக்கும் ஒரே விலை வைத்திருந்தால் மொத்தம் எத்தனை பிரதிகள் விற்றிருக்கும், இரண்டு விலை வைத்ததால் அந்த எண்ணிக்கை கூடியதா? கணக்குப் பிள்ளையின் கேள்வி போலத் தோன்றினாலும், நலன் கூடியதா குறைந்ததா என்ற தீர்ப்பு இதில்தான் தொங்குகிறது.

அதற்கு முன் ஒரு வழக்கைப் பார்த்துவிடுவோம். தாய்லாந்தைச் சேர்ந்த சுபாப் கிர்ட்செங் 1997இல் கணிதம் படிக்க அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார்; பிறகு தெற்கு கலிஃபோர்னியாவில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். ஊரில் மலிவாகக் கிடைக்கும் ஆங்கிலப் பாடநூல்களை வாங்கி அனுப்பும்படி உறவினர்களையும் நண்பர்களையும் கேட்டுக்கொண்டார். வந்ததை அமெரிக்காவில் விற்றார். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாபத்தை வைத்துக்கொண்டார். பதிப்பகமான ஜான் வைலி அண்ட் சன்ஸ் 2008இல் வழக்குப் போட்டது. எட்டு நூல்களுக்குத் தலா 75,000 டாலர் வீதம் 6 லட்சம் டாலர் தர வேண்டும் என்று கீழ் நீதிமன்றத்தில் நடுவர் குழு சொன்னது. 2013 மார்ச் 19இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. முறைப்படி அச்சிட்டு விற்ற ஒரு பிரதி, அது எந்த நாட்டில் அச்சானாலும், வாங்கியவருக்குச் சொந்தம். அவர் அதை மறுபடி விற்கலாம் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் பிரேயர். இரண்டு பதிப்புகளின் எச்சரிக்கை வாசகங்களை ஒப்பிட்டுக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட நூல், இங்கே இயற்பியல் படித்தவர்கள் ஹாலிடே, ரெஸ்னிக் என்று பாசத்தோடு சொல்லும் புத்தகத்தின் எட்டாம் பதிப்பு.

நாட்டுக்கு நாடு வேறு விலையில் விற்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் பதிப்பகத்துக்கு உறுதி செய்து தரவில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. சட்டத்தின் பக்கம் அத்தோடு முடிந்தது. ஆனால் பேதத்தைத் தாங்கி நிற்கும் சுவர் எது என்பதை அந்த வழக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியது. மலிவான சந்தையில் வாங்கி விலை கூடிய சந்தையில் விற்க முடிந்தால் இரண்டு விலை நிலைக்காது. கிர்ட்செங் போன்றவர்கள் பெருகினால் பதிப்பகம் ஒரே விலைக்குத்தான் வந்து சேரும். அந்த ஒரே விலை எங்கே போய் நிற்கும் என்பதுதான் நமக்குக் கவலை.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நூல் எழுதி, பக்கம் அமைத்து முடித்தாகிவிட்டது. அந்தச் செலவு போனது போனதுதான். இனி ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் அச்சுச் செலவு சிறிது என்பதால் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். அமெரிக்காவில் 100 மாணவர்கள். இலவசமென்றால் நூறு பேரும் எடுத்துக்கொள்வார்கள்; விலை ஒவ்வொரு டாலர் ஏறும்போதும் ஒருவர் விலகுவார். ஆக 50 டாலருக்கு 50 பேர் வாங்குவார்கள். 100 டாலருக்கு ஒருவரும் இல்லை. இரண்டாவதாக, அவ்வளவு வசதி இல்லாவிட்டாலும் ஏழையல்லாத ஒரு நாடு. அங்கே 60 மாணவர்கள். அதே போல டாலருக்கு ஒருவர் விலகுவார்.

ஒரே விலை என்றால் பதிப்பகத்துக்கு அதிக வருமானம் தருவது 40 டாலர். அமெரிக்காவில் 60, அடுத்த நாட்டில் 20, மொத்தம் 80 பிரதிகள். வருமானம் 3,200 டாலர். இரண்டு விலை வைக்க விட்டால் அமெரிக்காவில் 50 டாலர், அங்கே 50 பிரதி. மற்ற நாட்டில் 30 டாலர், அங்கே 30 பிரதி. வருமானம் 3,400. பதிப்பகத்துக்கு 200 கூடியது. மொத்தப் பிரதிகள்? அதே 80.

இது நான் எண்களைப் பொறுக்கி எடுத்ததால் வந்த ஒற்றுமையில்லை. விலைக்கும் விற்பனைக்கும் உள்ள உறவு நேர்க்கோடாக இருந்து, ஒரே விலையிலும் இரண்டு சந்தைகளும் வாங்கிக்கொண்டிருந்தால், மொத்த விற்பனை மாறவே மாறாது. பிகுவும், அவருக்குப் பின் 1933இல் ஜோன் ராபின்சனும் காட்டிய முடிவு இது.

மொத்தம் மாறவில்லை என்றால் யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றும். அங்கேதான் வழுக்குகிறது. அமெரிக்காவில் பத்துப் பேர் புத்தகத்தை இழந்தார்கள். அவர்கள் 40 முதல் 50 டாலர் வரை தரத் தயாராக இருந்தவர்கள். மறுபக்கம் புதிதாகப் பெற்ற பத்துப் பேர் 30 முதல் 40 வரை மட்டுமே தரத் தயாரானவர்கள். சராசரியாக 45 டாலர் மதிப்பு வைத்தவரிடமிருந்து எடுத்து, 35 டாலர் மதிப்பு வைத்தவரிடம் கொடுத்திருக்கிறோம். பிரதிக்குப் பத்து டாலர் வீதம் பத்துப் பிரதிக்கு 100 டாலர் நலன் கரைந்துவிட்டது. அது பதிப்பகத்தின் பையிலும் இல்லை, மாணவர்கள் பையிலும் இல்லை.

இரண்டு விலை இருக்கும்போது இந்தத் தவறான பங்கீடு கூடவே வரும். அதனால் மொத்த விற்பனை கூடாத இடத்தில் விலை பேதம் நலனைக் குறைத்தே தீரும். ரிச்சர்ட் ஷ்மலென்சி 1981இல் இதைத் தெளிவாக நிறுவினார். ஹால் வேரியன் 1985இல் இன்னும் விரிந்த சூழல்களுக்கு எடுத்துச் சென்றார். விற்பனை கூடுவது மட்டும் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. கூடாவிட்டால் நலன் உயர வழியே இல்லை என்றார்கள். கூடினாலும், கூடிய அளவு சிறிதாயிருந்தால் பங்கீட்டுச் சேதம் அதை விழுங்கிவிடலாம்.

இப்போது இரண்டாம் நாட்டை மாற்றிவிடுவோம். அங்கே யாராலும் 20 டாலருக்கு மேல் தர முடியாது. ஒரே விலையில் இரண்டு நாட்டிலும் விற்க வேண்டுமானால் பதிப்பகம் 20 டாலருக்கும் கீழே இறங்க வேண்டும். அப்போது வருமானம் 1,600 டாலரைத் தாண்டாது. அமெரிக்காவில் மட்டும் 50 டாலருக்கு விற்றாலே 2,500. பதிப்பகம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே விலை 50 டாலர். இரண்டாம் நாட்டுக்கு ஒரு பிரதியும் போகாது.

பேதம் காட்ட அனுமதித்தால், அங்கே 10 டாலருக்கு 10 பிரதிகள் விற்கும். அமெரிக்க விலை 50இலேயே நிற்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே அமெரிக்காவுக்கு மட்டும் கணக்கிட்ட விலை. பதிப்பகத்துக்கு 100 டாலர், அந்த மாணவர்களுக்கு 50 டாலர் அளவு நலன். ஒருவருக்கும் நட்டமில்லை. பொருளியலில் இப்படி யாரையும் நோகடிக்காத முன்னேற்றம் அபூர்வம். மூடிக் கிடந்த சந்தை திறக்கும் இடத்தில் அது கிடைக்கிறது.

மூடுவதும் திறப்பதும் எந்த இடத்தில் மாறுகிறது? நம் கணக்கில் அந்த எல்லை சுமார் 41 டாலர். இரண்டாம் நாட்டில் அதிகபட்சம் தரக்கூடியது அதற்குக் கீழே இருந்தால் ஒரே விலை அவர்களை வெளியே தள்ளிவிடும். மேலே இருந்தால் ஒரே விலையே அவர்களையும் சேர்த்துக்கொள்ளும். ஒரு கூட்டம் கொஞ்சம் ஏழையாக இருந்தால் பேதம் கெடுதல், மிகவும் ஏழையாக இருந்தால் நன்மை என்று ஆகிறது. வசதியில் நெருங்கி நிற்கும் இரண்டு நாடுகளுக்கு இடையே நாட்டு வாரியாக விலை வைத்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அமெரிக்காவுக்கும் தெற்காசியாவுக்கும் இடையே வைத்தால் வருவதில்லை. அட்டை எச்சரிக்கை ஒன்றுதான், அது எந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது என்பதில் இருக்கிறது வேறுபாடு.

வெளியே தள்ளப்பட்ட சந்தை கைகட்டி உட்கார்ந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் கடை இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடநூல் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுத்த கடையின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மலிவுப் பதிப்பு இல்லாவிட்டால் விற்பனை சுழியமாகலாம், படிப்பு சுழியமாகாது. ஆகவே மலிவுப் பதிப்பால் கிடைத்த நலன் என்று நாம் போடும் தொகையில் ஜெராக்ஸ் ஏற்கெனவே ஈடுகட்டிய பங்கைக் கழிக்க வேண்டும்.

சந்தை மூடாமலே, இரண்டு சந்தைகளும் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, மொத்தம் கூடும் வழி ஒன்றும் உண்டு. ராபின்சன் நுணுகிப் பார்த்தது இதைத்தான். விலை மாறும்போது கூட்டம் எந்த வேகத்தில் விலகுகிறது, எந்த வேகத்தில் சேர்கிறது என்பது நேர்க்கோடாக இருக்க வேண்டியதில்லை. கோடு எப்படி வளைகிறது என்பதில் விஷயம் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரியில் பாடநூலைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியர், காசு கொடுப்பவர் மாணவர். ஒரு விலை வரை எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார்கள். அதைத் தாண்டினால் கூட்டமாக விலகிப் பழைய புத்தகத்துக்குப் போவார்கள். ஆசியச் சந்தை வேறு மாதிரி. எந்த விலையிலும் வாங்கும் வசதியான சிலர் மேலே இருக்கிறார்கள்; விலை நன்றாக இறங்கினால்தான் கீழே காத்திருக்கும் பெருங்கூட்டம் கடைக்கு வரும். இந்த இரண்டு வளைவுகளையும் மிகைப்படுத்தி எண்ணாக்கிப் பார்ப்போம். அமெரிக்காவில் 60 பேர், எல்லோரும் 50 டாலர் வரை தருவார்கள். ஆசியாவில் 20 பேர் 40 டாலர் வரை தருவார்கள், இன்னும் 40 பேர் 22 டாலர் வரை.

ஒரே விலை என்றால் 40 டாலர்தான் பதிப்பகத்துக்கு லாபம்: 80 பிரதி, 3,200 டாலர். ஆசியாவின் வசதியான இருபது பேரும் வாங்குகிறார்கள், சந்தை மூடவில்லை. இரண்டு விலை வந்ததும் அமெரிக்காவில் 50 ஆகிறது, ஒருவரும் விலகவில்லை. ஆசியாவில் 22 ஆகிறது; அறுபது பேரும் வாங்குகிறார்கள். மொத்தம் 120 பிரதிகள். நலன் 880 டாலர் கூடுகிறது.

வலுவான சந்தையில் விலை கொஞ்சம்தான் ஏற முடியும், ஏனென்றால் எல்லையைத் தாண்டினால் கூட்டம் சட்டென்று கலைந்துவிடும். நலிந்த சந்தையில் விலை ஆழமாக இறங்கலாம், ஏனென்றால் இறங்க இறங்க இன்னும் அதிகம் பேர் சேர்கிறார்கள். இப்படி ஒருபுறம் கோடு குவிந்தும் மறுபுறம் குழிந்தும் இருந்தால் மொத்த விற்பனை கூடும் என்பது நிறுவப்பட்ட முடிவு. வளைவுகள் இடம் மாறியிருந்தால், அதாவது நலிந்த சந்தையின் கூட்டம் ஒரே விலையிலேயே ஏறக்குறைய முழுதாக வந்து முடிந்திருந்தால், இறக்கியும் புதிதாக யாரும் வரமாட்டார்கள். மொத்தம் குறையவும் செய்யும்.

இந்த 880 டாலர் யாருக்குப் போனது என்று பிரித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் நெருடியது. பதிப்பகத்துக்கு 1,120 கூடியிருக்கிறது. ஆசியாவின் வசதியான இருபது பேருக்குத் தலா 18 வீதம் 360. அமெரிக்க மாணவர்கள் தலா 10 டாலர் கூடுதலாகக் கொடுத்து 600 இழந்திருக்கிறார்கள். புதிதாக வந்த நாற்பது பேர் தங்களால் முடிந்த கடைசி டாலரையும் கொடுத்துவிட்டதால் அவர்கள் பெயரில் கணக்கில் ஒன்றுமே ஏறவில்லை. கையில் புத்தகம் மட்டும் இருக்கிறது. மொத்த நலன் உயர்ந்ததென்று சொல்லும்போது இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துவிடுகிறது.

இன்னொரு குறையும் இந்த அளவுகோலில் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் கணக்கில் 45 டாலர் மதிப்பு வைத்தவரிடமிருந்து 35 டாலர் மதிப்பு வைத்தவருக்குப் புத்தகம் போனதை நட்டம் என்று எழுதினோம். தரத் தயாராக இருக்கும் தொகையில் ஆசையும் இருக்கிறது, பையின் கனமும் இருக்கிறது. 35 டாலர் என்பது ஒருவருக்கு ஒரு மாதச் சாப்பாட்டுக் காசாக இருந்தால், அதைக் கொடுக்கத் துணிந்த அவருக்குப் புத்தகத்தின் தேவை குறைவு என்று எப்படிச் சொல்வது? வருமானத்தில் நெருங்கிய கூட்டங்களுக்கு இடையே அந்த 100 டாலர் நட்டத்தை நான் ஏற்கிறேன். வருமானம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும் இடத்தில் அந்த எண்ணை நட்டம் என்று சொல்ல என் பேனா ஓடவில்லை.

உண்மைச் சந்தையில் இந்தக் கோடுகள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லையே, எப்படித் தீர்ப்புச் சொல்வது? வேரியன் காட்டிய வழி எளியது. இரண்டு விலை வந்த பிறகு ஒவ்வொரு சந்தையிலும் விற்பனை எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று பாருங்கள். அதை அந்தந்தச் சந்தையின் புது விலையில் பிரதிக்கு நிற்கும் லாபத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். விடை சுழியத்துக்கு மேலே வந்தால் நலன் நிச்சயம் உயர்ந்திருக்கிறது. உண்மையான உயர்வு அந்த எண்ணைவிடக் குறையாது. மேல்வரம்புக்கு, மொத்த விற்பனையில் வந்த மாற்றத்தைப் பழைய விலையின் லாபத்தால் பெருக்க வேண்டும். நம் முதல் கணக்கில் அமெரிக்காவில் பத்து குறைந்தது, 50 வீதம் 500 கழித்தல். அடுத்த நாட்டில் பத்து கூடியது, 30 வீதம் 300 கூட்டல். கீழ்வரம்பு 200 டாலர் நட்டம், மேல்வரம்பு சுழியம், உண்மை இரண்டுக்கும் நடுவே 100 நட்டம். கடைசிக் கணக்கில் அமெரிக்காவில் மாற்றமில்லை, ஆசியாவில் நாற்பது பிரதி 22 வீதம்: கீழ்வரம்பே 880. இதற்கு வேண்டியது விலைகளும், பிரதிக்கு ஆகும் செலவும், முன்னும் பின்னும் விற்ற எண்ணிக்கையும்தான். அவை பதிப்பகத்தின் கணக்கேட்டில் இருக்கும். கூடவே, ஒரு சந்தையின் விலை மற்றதன் விற்பனையைத் தொடாமலிருக்க வேண்டும். கிர்ட்செங் பெட்டி கட்டத் தொடங்கிய நாளில் அந்த நிபந்தனை உடைந்துவிடுகிறது.

2013 தீர்ப்புக்குப் பிறகு காகிதப் புத்தகத்தில் அட்டை எச்சரிக்கையின் பலம் அமெரிக்காவில் போய்விட்டது. ஆனால் மின்னூல் வேறு கதை. அதில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம். சொந்தமான பிரதி கைக்கு வருவதில்லை, ஆகவே மறுபடி விற்பதற்கு ஒன்றுமில்லை. எந்த நாட்டிலிருந்து வாங்குகிறோம் என்பதைத் திரையே படித்துவிடுகிறது. இரண்டு விலைக்கு நடுவே நிற்கும் சுவர் முன்பைவிட உயரமாகிவிட்டது. மலிவு விலை இங்கே தொடரலாம். ஆனால் மூர் மார்க்கெட்டில் நாலு மாணவர் கைமாறி வந்த ஹாலிடே, ரெஸ்னிக்கை ஐந்தாமவர் பேரம் பேசி வாங்கினாரே, அந்தப் பிரதி மின்னூலில் இல்லை. இனிக் கூடுதல் எவ்வளவு என்று கூட்டும்போது, பதிப்பகத்தின் ஏட்டில் எப்போதும் பதிவாகாத அந்த ஐந்தாம் வாசகரையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.